அப்பா ஆஸ்பத்திரியில், அசைன்மென்ட் வெள்ளிக்கிழமை: அவகாசம் கேட்டு நர்சிங் மாணவி எழுத வேண்டிய ஈமெயில்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்து நர்சிங் கல்லூரிகளில் படிக்கிறவர்களில் நிறையப் பேர் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகள். வீட்டில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் முதல் ஃபோன் ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைக்குத்தான் போகும். "நீதானே நர்ஸு, நீ வந்து பாரு." முதலாம் ஆண்டில் பிபி பார்க்கக் கற்றுக்கொள்ளும் முன்பே இது தொடங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊரெல்லாம் காய்ச்சலாக இருக்கும் நேரத்தில்தான் ஒற்றைப்படை செமஸ்டரின் அசைன்மென்ட்களும் வரிசையாக வந்து நிற்கும்.

நான் பாடம் எடுக்கிற பக்கம். அவகாசம் கேட்டு வரும் ஈமெயில்களைப் படிப்பவள். அவற்றில் பெரும்பாலானவற்றில் அழுகை இருக்கும், மன்னிப்பு இருக்கும், "ப்ளீஸ் மேடம்" நாலைந்து இடத்தில் இருக்கும். என்றைக்குக் கொடுப்பாய் என்ற தேதி மட்டும் இருக்காது. எனக்கு வேண்டியது அந்தத் தேதியும், அது எப்படி வந்தது என்பதும்தான். அதனால் ஈமெயிலைத் திறப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியதைத்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

ஒரு மாணவியை வைத்துப் பார்ப்போம். பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு, 5-ஆம் செமஸ்டர். தஞ்சாவூரில் ஹாஸ்டல், வீடு நீடாமங்கலம் பக்கம். சைல்டு ஹெல்த் நர்சிங்கில் நிமோனியா வந்த குழந்தைக்கான கேர் பிளானை 14-ஆம் தேதி வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். அப்பாவுக்கு 8-ஆம் தேதி சனிக்கிழமை காய்ச்சல் ஆரம்பித்து, 11-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை டெங்கு என்று சொல்லி அரசு மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, ராத்திரி கண் விழிக்க முடியாது. அண்ணனுக்குத் திருப்பூரில் வேலை. வார்டில் துணைக்கு ஒருவரைத்தான் விடுகிறார்கள். அந்த ஒருவர் இந்தப் பெண்.

லீவு வேறு, அவகாசம் வேறு

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். அசைன்மென்ட்டைத் தாமதமாகக் கொடுக்க அனுமதிப்பவர் அந்தப் பாடத்தின் ஆசிரியை. வகுப்புக்கும் வார்டுக்கும் வராமல் இருக்க அனுமதி கேட்க வேண்டியது கிளாஸ் கோஆர்டினேட்டரிடம். அவர் வழியாகப் பிரின்சிபாலுக்குப் போகும். ஹாஸ்டலில் இருந்தால் வார்டனிடம் அவுட்பாஸ். இந்த மூன்றையும் ஒரே ஈமெயிலில் போட்டு எல்லாருக்கும் அனுப்பினால், ஒவ்வொருவரும் மற்றவர் பதில் சொல்லியிருப்பார் என்று விட்டுவிடுவார்கள். அசைன்மென்ட் ஈமெயிலில் பிரின்சிபாலுக்கு நகல் போடுவதும் வேண்டாம். மேடம் இன்னும் மாட்டேன் என்றே சொல்லவில்லை, அதற்குள் மேலிடத்துக்குப் போனது போல ஆகிவிடும்.

லீவு கொடுத்துவிட்டார்கள் என்பதால் வருகைப்பதிவும் காப்பாற்றப்பட்டது என்று நினைக்காதீர்கள். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி ஒவ்வொரு பாடத்திலும் தியரிக்கும் பிராக்டிக்கலுக்கும் 80 சதவீத வருகை இருந்தால்தான் தேர்வு எழுதலாம். என்ன காரணத்துக்காக வரவில்லை என்பதை அந்த விதி பார்ப்பதில்லை. பட்டம் வாங்கும் முன் கிளினிக்கல் பகுதி ஒவ்வொன்றிலும் 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும். ஆக, இந்த வாரம் விட்ட போஸ்டிங்கைப் பின்னால் செய்துதான் தீர வேண்டும். அதைக் கோஆர்டினேட்டரிடம் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். அவகாச ஈமெயிலில் அந்தப் பேச்சு வேண்டாம்.

உங்களுக்கு வேண்டியது நேரமா, நோயாளியா?

இதை யோசிக்காமல் எழுதுகிறவர்கள்தான் பிறகு மாட்டிக்கொள்கிறார்கள். கேர் பிளான் என்பது வீட்டில் உட்கார்ந்து எழுதி முடிக்கும் கட்டுரை இல்லையே. வார்டில் ஒரு குழந்தையை அசெஸ் செய்து, சில நாள் கவனித்து, கொடுத்த கேர் என்ன பலன் தந்தது என்று எவாலுவேஷன் எழுத வேண்டும். நீங்கள் ஊருக்குப் போன நாலு நாளில் அந்தக் குழந்தை டிஸ்சார்ஜ் ஆகிவிடும். திரும்பி வந்தால் பெட்டில் வேறு குழந்தை. அப்புறம் எத்தனை நாள் அவகாசம் கொடுத்தாலும் எவாலுவேஷனை உண்மையாக எழுத முடியாது. கற்பனையில் எழுதினால் படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும்: மூச்சு வேகம் முதல் நாள் 52, இரண்டாம் நாள் 46, மூன்றாம் நாள் 40 என்று படிக்கட்டு போல அழகாக இறங்கியிருக்கும். நிஜமான குழந்தை அப்படி இறங்காது, நடுவில் ஒருநாள் ராத்திரி ஏறும்.

வார்டு வேலை பாக்கி இருக்கிறது என்றால் நீங்கள் கேட்க வேண்டியது வேறு: "புதிதாக ஒரு நோயாளியை எடுத்துச் செய்ய அனுமதி வேண்டும்." அதுவும் உங்கள் பேட்ச்சின் பீடியாட்ரிக் வார்டு போஸ்டிங் என்றைக்கு முடிகிறது என்று பார்த்துவிட்டு. நம் மாணவி முந்தைய வாரமே குழந்தையை மூன்று நாள் கவனித்து, வார்டில் குறித்தும் வைத்துவிட்டாள். அசெஸ்மென்ட், மூன்று நர்சிங் டயக்னோசிஸ் எல்லாம் எழுதியாகிவிட்டது. இன்டர்வென்ஷன், அதற்கான ரேஷனல், எவாலுவேஷன், ஹெல்த் எஜுகேஷன் பாக்கி. அவளுக்கு வேண்டியது நேரம் மட்டும்.

தேதியைக் கணக்குப் போடுதல்

"கொஞ்ச நாள்", "அப்பா சரியானதும்" என்றெல்லாம் எழுதினால் மேடம் எந்த நாளை ஏட்டில் குறிப்பார்? தேதியை நீங்கள்தான் சொல்ல வேண்டும். மற்ற படிப்புப் பிள்ளைகளுக்கு இல்லாத வசதி ஒன்று உங்களுக்கு உண்டு. நோய் எந்த வழியில் போகும் என்று நீங்கள் படித்திருக்கிறீர்கள்.

டெங்குவில் வீட்டார் தவறாகப் புரிந்துகொள்வது காய்ச்சல் விடும் நாளைத்தான். "ஜுரம் விட்டுடுச்சு, நாளைக்கு வீட்டுக்குப் போயிடலாம்" என்பார்கள். மாணவியும் அதை நம்பி மேடத்துக்கு இரண்டு நாள் போதும் என்று எழுதிவிடுவாள். ஆனால் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவது காய்ச்சல் இறங்குகிற அந்தச் சமயத்தில்தான். பொதுவாக 24 முதல் 48 மணி நேரம் இது நீடிக்கும். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், சிறுநீர் குறைவது, ஆள் சோர்ந்து போவது எல்லாம் அப்போதுதான் தலைகாட்டும். துணைக்கு இருப்பவர் நகரக்கூடாத நேரமும் அதுதான்.

சனிக்கிழமை முதல் நாள் என்றால் புதன்கிழமை ஐந்தாம் நாள். அன்றைக்குக் காய்ச்சல் இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால் வெள்ளி வரை கண்காணிப்பு. அதன்பின் சாப்பிடுகிறாரா, சிறுநீர் நன்றாகப் போகிறதா, பிளேட்லெட் ஏறுகிறதா என்று பார்த்துத்தான் அனுப்புவார்கள். எல்லாம் நல்லபடியாகப் போனால் சனி, ஞாயிறு வாக்கில் டிஸ்சார்ஜ். இது உத்தேசம்தான். காய்ச்சல் ஒரு நாள் தள்ளி இறங்கினால் எல்லாமே ஒரு நாள் தள்ளிப்போகும்.

அடுத்தது, உங்கள் இடத்துக்கு யார் வருவார்கள் என்ற கணக்கு. அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் கம்பெனியில் லீவு கிடைக்கிறது. 16-ஆம் தேதி வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். டிஸ்சார்ஜ் ஒரு நாள் தள்ளினாலும் அவன் பார்த்துக்கொள்வான். இவள் 17-ஆம் தேதி திங்கள் காலை ஹாஸ்டலுக்கு வந்து போஸ்டிங்குக்குப் போகலாம். பகலில் வார்டு, வகுப்பு. எழுத மிச்சம் திங்கள், செவ்வாய், புதன் மாலைகள். இன்டர்வென்ஷனும் ரேஷனலும் இரண்டு மாலை இழுக்கும், மற்றது ஒரு மாலை. ஆக, 20-ஆம் தேதி வியாழக்கிழமை.

பயத்தில் 18 என்று எழுதி, பிறகு 18-ஆம் தேதி ராத்திரி மறுபடி அவகாசம் கேட்பதைவிட 20 என்று ஒரே தடவை கேட்பது மேல். அதற்காக எதற்கும் இருக்கட்டும் என்று மாதக் கடைசி வரை கேட்கவும் கூடாது. எங்களுக்கும் ஒரு கெடு உண்டு. தியரிப் பாடத்துக்கு 25 இன்டர்னல் மார்க், அசைன்மென்ட் மார்க்கும் அதற்குள் அடக்கம். அதைத் தொகுத்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் தேதியைத் தாண்டி எந்த மேடமும் அவகாசம் தர முடியாது. அது என்றைக்கு என்று கோஆர்டினேட்டரிடம் கேட்டால் சொல்லிவிடுவார்.

எழுதுதல்

பொருள் வரியில் பாடத்தின் பெயரை முழுசாக எழுதுங்கள். சி.எச்.என். என்று மட்டும் போட்டால் சைல்டு ஹெல்த்தா, கம்யூனிட்டி ஹெல்த்தா என்று தெரியாது. 5-ஆம் செமஸ்டரில் இரண்டு பாடமும் இருக்கின்றன, இரண்டுக்கும் சுருக்கம் ஒன்றுதான்! பழைய தேதி, கேட்கும் தேதி இரண்டும் பொருள் வரியிலேயே இருக்கட்டும்.

உடலில் முதல் வரி நீங்கள் யார், இரண்டாவது வரி என்ன கேட்கிறீர்கள். காரணம் அதற்குப் பிறகுதான். நம் பழக்கம் தலைகீழ். கஷ்டத்தை முதலில் சொல்லி, கேட்பதைக் கூச்சத்தோடு கடைசியில் வைப்போம். மேடம் டிபார்ட்மென்ட்டில் நின்றபடி ஃபோனில் படிப்பார், திரையில் தெரிவது முதல் நாலு வரிதான்.

பல கல்லூரிகளில் ஆங்கிலத்தில் எழுதுவதே வழக்கம். அங்கே நீங்களும் அப்படியே எழுதுங்கள், வரிசை மட்டும் இதுவாக இருக்கட்டும். 12-ஆம் தேதி புதன் காலை நம் மாணவி எழுதுவது:

> பொருள்: சைல்டு ஹெல்த் நர்சிங் கேர் பிளான்: 14-ஆம் தேதிக்குப் பதில் 20-ஆம் தேதி கொடுக்க அனுமதி கேட்டு (5-ஆம் செமஸ்டர், பதிவு எண் ......)
>
> மதிப்பிற்குரிய மேடம்,
>
> வணக்கம். நான் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு மாணவி ......, பதிவு எண் .......
>
> 14-ஆம் தேதி வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டிய கேர் பிளானை 20-ஆம் தேதி வியாழக்கிழமை மாலை 4 மணிக்குள் கொடுக்க அனுமதி தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> என் அப்பா டெங்கு காய்ச்சலால் நேற்று அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறார். துணைக்கு நான் மட்டும் இருக்கிறேன். 16-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் வந்து பார்த்துக்கொள்வார். 17-ஆம் தேதி திங்கட்கிழமை காலை நான் போஸ்டிங்குக்கு வந்துவிடுவேன்.
>
> வார்டில் செய்ய வேண்டியதை முடித்துவிட்டேன். அசெஸ்மென்ட்டும் மூன்று நர்சிங் டயக்னோசிஸும் எழுதியாகிவிட்டது. அந்தப் பக்கங்களை இணைத்திருக்கிறேன். இன்டர்வென்ஷன், எவாலுவேஷன், ஹெல்த் எஜுகேஷன் மூன்றும் எழுத வேண்டும்.
>
> லீவுக் கடிதத்தைக் கிளாஸ் கோஆர்டினேட்டர் மேடத்துக்குத் தனியாக அனுப்பிவிட்டேன். அட்மிஷன் சீட்டைத் திங்கட்கிழமை நேரில் காட்டுகிறேன்.
>
> 20 வரை முடியாது என்றால், எந்தத் தேதிக்குள் கொடுக்கலாம் என்று சொல்லுங்கள் மேடம், அதன்படி கொடுத்துவிடுகிறேன்.
>
> இப்படிக்கு,
> ......
> ஃபோன்: ......

இதைப் படித்தால் மேடத்துக்குத் திருப்பிக் கேட்க எதுவும் இல்லை. அனுப்பும் முன் உங்கள் ஈமெயிலை இப்படிச் சோதித்துப் பாருங்கள்: எதுவரை, இதுவரை என்ன செய்திருக்கிறாய், லீவு சொல்லிவிட்டாயா, என்றைக்கு வருவாய் என்ற நாலு கேள்விக்கும் பதில் உள்ளே இருக்கிறதா? ஒன்று விட்டுப்போனாலும் மேடத்திடமிருந்து வருவது அனுமதியாக இருக்காது, கேள்வியாக இருக்கும். நீங்கள் ரத்தப் பரிசோதனைக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது அதற்குப் பதில் எழுத நேரம் இருக்காது.

"நோட்டு ஹாஸ்டலில் மாட்டிக்கொண்டது மேடம்" என்று இவள் எழுதவில்லை என்பதையும் கவனியுங்கள். எழுதினால், ரூம்மேட்டை ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு என்று பதில் வரும், அது நியாயம்தான். அப்பா பக்கத்தில் ஆள் வேண்டும் என்பது உண்மையான காரணம். அது ஒன்றே போதும். பலவீனமான காரணத்தை அதன் பக்கத்தில் வைத்தால் நல்ல காரணமும் சேர்ந்து இளைத்துப்போகும்.

இவள் இணைத்திருக்கும் பக்கங்கள் ரூம்மேட் ஸ்கேன் செய்து அனுப்பியவை. அதில் குழந்தையின் பெயர், ஐ.பி. எண், பெட் எண், பெற்றோர் ஃபோன் நம்பர் எதுவும் தெரியக்கூடாது. பெயரின் முதல் எழுத்து, வயது, நோய் போதும். மறைத்துவிட்டு ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். நம் அவசரத்தில் அடுத்த வீட்டுக் குழந்தையின் விவரம் வெளியே போய்விடக்கூடாது.

எவ்வளவு சொல்வது, எதைக் காட்டுவது

அதே ஒழுங்கு அப்பாவுக்கும் பொருந்தும். அவர் உங்களுக்கு அப்பா, ஆஸ்பத்திரிக்கு ஒரு நோயாளி. நோயின் பெயரை எழுதுவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். டெங்கு என்றால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். டிபி, மனநோய், குடியால் வந்த ஈரல் கோளாறு, அத்தைக்குக் கருக்கலைந்தது என்றால் ஊரில் பேச்சாகிவிடும். அப்போது "அவசரமாக உள்நோயாளியாகச் சேர்த்திருக்கிறோம், குறைந்தது ஐந்து நாள் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார்" என்று எழுதினால் போதும். மேடத்துக்கு வேண்டியது எத்தனை நாள் என்பது. என்ன நோய் என்று தெரிந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை.

பிளேட்லெட் எண்ணிக்கை, டெஸ்ட் ரிப்போர்ட், டிரிப் ஏறும் கையின் ஃபோட்டோ எதுவும் அனுப்பாதீர்கள். நர்சிங் பிள்ளைகள் செய்யும் தவறு ஒன்று உண்டு. வார்டு சிஸ்டர் தெரிந்தவராக இருப்பார், கேஸ் ஷீட் கைக்கு எட்டும், சட்டென்று ஒரு ஃபோட்டோ எடுத்து ஆதாரமாக அனுப்பிவிடுவார்கள். கேஸ் ஷீட் ஆஸ்பத்திரியின் ஆவணம், மாட்டிக்கொள்வது அந்த சிஸ்டர். பெயரும் தேதியும் இருக்கும் அட்மிஷன் சீட்டு போதும். பிறகு கேட்டால், டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பக்கத்தை நேரில் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

இல்லாத நோயைச் சொல்லி எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். டெல்டா சின்ன ஊர். உங்கள் பாட்டி ஐ.சி.யு.வில் இருப்பதாகச் சொன்ன அதே ஆஸ்பத்திரியில் உங்கள் சீனியர் டூட்டி பார்த்துக்கொண்டிருப்பார்.

அனுப்பிய பிறகு

ஈமெயில் போனதும் மேடத்துக்குத் தனியாக ஒரு வாட்ஸ்அப் வரி: "மேடம், கேர் பிளான் விஷயமாக ஈமெயில் அனுப்பியிருக்கிறேன், நேரம் கிடைக்கும்போது பாருங்கள்." வகுப்பு குரூப்பில் போடாதீர்கள். அறுபது பேர் பார்க்கும் இடத்தில் ஒருவருக்கு அவகாசம் கொடுத்தால் அறுபது பேரும் கேட்பார்கள் என்று மேடம் தயங்குவார்.

மறுநாள் வரை பதில் இல்லையா? கல்லூரி நேரத்தில் ஒரு தடவை ஃபோன் செய்யுங்கள். பதில் வராததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 14-ஆம் தேதி வந்தும் ஒன்றும் தெரியவில்லை என்றால், எழுதிய அளவை ரூம்மேட் மூலம் அன்றே கொடுத்துவிடுங்கள். அரைகுறையாகக் கொடுத்தது பின்னால் முழுதாகலாம். கொடுக்காமல் விட்டது ஏட்டில் சுழியமாக ஏறிவிடும்.

"20 வேண்டாம், 18 காலை கொடு" என்று வந்தால் பேரம் பேசாமல், 18-ஆம் தேதிக்குள் எந்தப் பகுதி முடியும் என்று பார்த்து ஒப்புக்கொள்ளுங்கள். "தாமதத்துக்கு மார்க் குறைப்பேன்" என்று வந்தால், எவ்வளவு என்று ஒரு தடவை மரியாதையாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முடியாது என்றே வந்தால் கோஆர்டினேட்டரிடமோ மென்டர் மேடத்திடமோ போகலாம். ஆனால் முதலில் பாட ஆசிரியையிடம் சொல்லிவிட்டுப் போங்கள்: "மேடம், லீவு விஷயமாகக் கோஆர்டினேட்டர் மேடத்தைப் பார்க்கிறேன், இதையும் கேட்கட்டுமா?"

சரி என்று பதில் வந்தால் அதே ஈமெயிலுக்கு ஒரு வரி: "நன்றி மேடம், 20-ஆம் தேதி மாலை 4 மணிக்குள் டிபார்ட்மென்ட்டில் கொடுக்கிறேன்." ஃபோனில் சரி என்று சொல்லியிருந்தாலும் இந்த வரியை எழுதி அனுப்புங்கள். பேசிய தேதி அதனால்தான் எழுத்தில் நிற்கும்.

நடுவில் அப்பாவுக்கு நிலைமை மோசமாகி மேல்சிகிச்சைக்குத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள் என்று வையுங்கள். அன்றைக்கே அதே ஈமெயில் தொடரில் இரண்டு வரி எழுதுங்கள், புதிதாகத் தொடங்க வேண்டாம். "அப்பாவைத் தஞ்சாவூருக்கு மாற்றியிருக்கிறார்கள். 20-ஆம் தேதி முடியுமா என்று 18-ஆம் தேதி மாலைக்குள் சொல்கிறேன்." அந்த நேரத்தில் புதுத் தேதி உங்களுக்கே தெரியாது, தெரியவரும் தேதியையாவது சொல்லிவிடலாம்.

20-ஆம் தேதி கொடுக்கும்போது மேடத்தின் பதிலை ஒரு பிரின்ட் எடுத்துக் கேர் பிளானின் முதல் பக்கத்தின் பின்னால் இணைத்துவிடுங்கள். ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடும்போது தேதிக்குப் பக்கத்தில் "அனுமதியுடன்" என்று எழுதுங்கள். இன்டர்னல் மார்க் போடும் நேரத்தில் அந்த மேடம் மகப்பேறு விடுப்பில் இருக்கலாம், வேறு கல்லூரிக்குப் போயிருக்கலாம். ஏட்டைத் திறக்கும் புது மேடத்துக்கு உங்கள் அப்பாவுக்கு டெங்கு வந்த கதை தெரியாது.